சூனியக் கருதுகோள், மாற்றுக் கருதுகோள்: சரியாக எழுதுவதும், ஒருவாலா இருவாலா என்று தீர்மானிப்பதும்

கல்முனையில் என் வீட்டு முன் விறாந்தைக்கு இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரையோடு வரும் பிள்ளைகளில் அநேகமானோர் கணக்கில் தடுமாறுவதில்லை. t பெறுமதியை எக்செல் எடுத்துக் கொடுத்துவிடுகிறது. அவர்கள் தடுமாறுவது அதற்கு முந்திய இரண்டு வரிகளில்தான்: H0 என்ற சூனியக் கருதுகோள் ஒரு வரி, H1 என்ற மாற்றுக் கருதுகோள் ஒரு வரி. அந்த இரண்டும் பிழைத்தால் பின்னால் வரும் எல்லா எண்ணும் சரியாக இருந்தும் முடிவு தவறாகிவிடும்.

இந்த வழிகாட்டியில் ஒரேயொரு உதாரணத்தை முதலிலிருந்து கடைசி வரை கொண்டுபோகிறேன். சம்மாந்துறைப் பக்கத்து வயல்களில் கையால் வீசி விதைப்பதையும், டிரம் சீடர் இழுத்து வரிசையாய் விதைப்பதையும் ஒப்பிடும் கணக்கு. ஒரு மாணவி கொண்டு வந்த கணக்கின் வடிவம் இது. எண்களைக் கையால் போட்டுப் பார்க்க வசதியாக நானே அமைத்திருக்கிறேன். அவற்றை விளைச்சல் பற்றிய தகவலாக எடுக்க வேண்டாம்.

## 1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

கருதுகோள் எழுத உட்காருமுன் நான்கு விடயம் தெரிந்திருக்க வேண்டும்: எதை அளக்கிறீர்கள், எந்த அலகில், யாரைப் பற்றி முடிவு சொல்லப் போகிறீர்கள், தரவு எப்படிச் சேரும்.

நம் கணக்கில் அளப்பது நெல் விளைச்சல். அலகு, ஏக்கருக்கு எத்தனை புசல். முடிவு சொல்லப் போவது அந்த வட்டையில் பெரும்போகம் செய்யும் விவசாயிகள் எல்லோரையும் பற்றி. இதுதான் குடித்தொகை. நாம் பார்க்கப் போவதோ அவர்களில் எழுமாறாக எடுத்த 10 பேரை மட்டும். இது மாதிரி.

தரவு சேரும் விதத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 10 விவசாயிகளும் தங்கள் வயலை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒன்றில் வீசி விதைக்கிறார்கள், மற்றதில் டிரம் சீடர் ஓட்டுகிறார்கள். ஆகவே ஒவ்வொருவரிடமிருந்தும் சோடியாக இரண்டு எண் வரும். அவரவர் மண், தண்ணீர், பசளை எல்லாம் இரண்டு பாதிக்கும் ஏறக்குறைய ஒன்று. அதனால் நாம் ஆராய்வது சோடிக்குள் இருக்கும் வித்தியாசத்தை.

எந்தப் பாதிக்கு டிரம் சீடர் என்பதை நாணயம் சுண்டித் தீர்மானிக்க வேண்டும். வாய்க்கால் தலைப்பில் இருக்கும் பாதிக்குத் தண்ணீர் முந்திப் பாயும். கடைசியில் இருக்கும் பாதி காத்திருக்கும். இழுக்க வசதி என்று எல்லோரும் தலைப்புப் பாதியிலேயே டிரம் சீடரை ஓட்டிவிட்டால், பிறகு வரும் வித்தியாசம் விதைப்பினாலா தண்ணீரினாலா என்று எந்தச் சோதனையாலும் பிரிக்க முடியாது.

## 2. கேள்வியை முதலில் பேச்சுத் தமிழில் எழுதுங்கள்

குறியீட்டுக்குப் போகாதீர்கள். ஒரு தாளில், அந்த வயற்காரரே கேட்பதுபோல் கேள்வியை எழுதுங்கள்.

"டிரம் சீடரால விதைச்சா விளைச்சல் மாறுமா?"

"டிரம் சீடரால விதைச்சா விளைச்சல் கூடுமா?"

இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் முதல் கேள்விக்குக் கூடினாலும் விடை, குறைந்தாலும் விடை. இரண்டாவதற்குக் கூடினால் மட்டும்தான் 'ஓம்'. குறைந்தாலும் 'இல்லை', அப்படியே இருந்தாலும் 'இல்லை'. பரவலின் ஒரு ஓரத்தை மட்டும் பார்ப்பது ஒருவால், இரண்டு ஓரத்தையும் பார்ப்பது இருவால். ஒருவாலா இருவாலா என்ற தீர்மானத்தின் வேர் இந்த இடத்தில்தான் இருக்கிறது, அட்டவணையில் இல்லை. இந்தத் தாளை எறியாமல், திகதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று 6ஆம் படியில் தெரியும்.

## 3. எதைப் பற்றிய கருதுகோள் என்று பெயரிடுங்கள்

அடுத்த படி, ஒரு குறியீட்டை அறிமுகம் செய்து அது எதைக் குறிக்கிறது என்று முழு வாக்கியத்தில் சொல்வது. நம் கணக்குக்கு:

μd = அந்த வட்டை விவசாயிகள் எல்லோருக்குமான, (டிரம் சீடர் விளைச்சல் − வீசி விதைத்த விளைச்சல்) என்ற வித்தியாசத்தின் சராசரி, ஏக்கருக்குப் புசலில்.

இந்த வரியில் இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று, நாம் பேசுவது குடித்தொகையின் சராசரியைப் பற்றி என்பது உறுதியாகிறது. புதிதாக எழுதுபவர்கள் அடிக்கடி H0: x̄ = 0 என்று எழுதிவிடுகிறார்கள். x̄ என்பது மாதிரியின் சராசரி. அறுவடை முடிந்ததும் அது கையில் இருக்கும் எண். 4 என்று தெரிந்த ஓர் எண்ணை "அது பூச்சியமா?" என்று சோதிப்பதில் பொருள் இல்லை. தெரியாதது μd, சோதனை அதற்குத்தான்.

இரண்டு, எதிலிருந்து எதைக் கழிக்கிறோம் என்பது நிலைத்துவிடுகிறது. டிரம் சீடர் முதலில், வீச்சு பிறகு. ஆகவே நேர் எண் வந்தால் டிரம் சீடர் கூடத் தந்திருக்கிறது. ஒருவால் சோதனையில் இந்த ஒழுங்கு மாறினால் வாலும் மாறிவிடும். சரியான கணக்குப் போட்டும் தலைகீழ் விடை எடுத்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். எல்லோருமே இந்த வரியை எழுதாமல் தாண்டிப் போனவர்கள்.

## 4. H0 ஐ எழுதுங்கள்: சமன் குறி இங்கேதான்

சூனியக் கருதுகோள் "வித்தியாசம் எதுவும் இல்லை" என்ற நிலை. இருவால் சோதனைக்கு:

H0: μd = 0

சமன் குறி ஏன் கட்டாயம் H0 இல் வர வேண்டும்? ஏனென்றால் சோதனை செய்யும் வேலையே, "H0 உண்மையாக இருந்தால் இப்படியொரு மாதிரி கிடைப்பது எவ்வளவு அபூர்வம்?" என்று கணக்கிடுவது. அதைக் கணக்கிட ஒரு திட்டமான எண் வேண்டும். μd = 0 என்றால் t இன் பரவல் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். "μd ≠ 0" என்றால் எந்த எண்ணை வைத்துக் கணக்கிடுவது? 1 ஆ, 7 ஆ, −3 ஆ? அதனால் ≠, >, < மூன்றும் H0 இல் தனியாக நிற்கக் கூடாது.

இங்கே நடக்கும் பெரிய பிழை, தான் நிரூபிக்க விரும்புவதை H0 இல் வைப்பது. "டிரம் சீடர் நல்லது" என்று நம்பும் மாணவர் அதை முதல் வரியில் எழுதிவிடுகிறார். சோதனைக்கு H0 ஐ நிராகரிக்கத்தான் தெரியும், உறுதிப்படுத்தத் தெரியாது. ஆதாரம் தேடும் கூற்று எப்போதும் H1 இல்.

ஒருவால் சோதனையில் H0: μd ≤ 0 என்று எழுதுவதும் உண்டு, H0: μd = 0 என்றே எழுதுவதும் உண்டு. உங்கள் பாடநெறியில் எது வழக்கமோ அதைப் பின்பற்றுங்கள். கணக்கு இரண்டிலும் ஒன்றுதான். μd என்பது −5 ஆக இருந்தால் பெரிய நேர் t வருவது இன்னும் அபூர்வம். ஆகவே தப்பு நடக்க அதிக வாய்ப்புள்ள எல்லையான 0 ஐ வைத்துக் கணக்கிட்டால் மற்றவை எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

## 5. H1 ஐ எழுதுங்கள்

2ஆம் படியில் எழுதிய பேச்சுக் கேள்வியைத் திரும்ப எடுங்கள்.

"மாறுமா?" என்றால் H1: μd ≠ 0. இது இருவால்.

"கூடுமா?" என்றால் H1: μd > 0. இது வலப்பக்க ஒருவால்.

"குறையுமா?" என்றால் H1: μd < 0. இது இடப்பக்க ஒருவால்.

H0 இல் இருக்கும் அதே எண்ணும் அதே குறியீடும் H1 இலும் வர வேண்டும். குறி மட்டும்தான் மாறும். "நல்ல வித்தியாசம் இருக்கும்", "கணிசமாகக் கூடும்" என்று எழுதாதீர்கள். எவ்வளவு கூடினால் கணிசம் என்று சோதனைக்குத் தெரியாது.

## 6. ஒருவாலா, இருவாலா: தரவைப் பார்க்குமுன் தீர்மானியுங்கள்

எந்தச் சொல் கேள்வியில் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் போதாது. "கூடுமா?" என்று எழுதிய எல்லோருக்கும் உண்மையில் ஒருவால் சோதனை பொருந்துவதில்லை. நான் பிள்ளைகளிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: முடிவு எதிர்த் திசையில், அதுவும் பெரிதாக வந்தால் என்ன செய்வீர்கள்?

ஒரு விவசாயிகள் சங்கம் டிரம் சீடர் வாங்குவதா இல்லையா என்று முடிவெடுக்கப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். விளைச்சல் கூடினால் வாங்குவார்கள். மாறாவிட்டால் வாங்க மாட்டார்கள். குறைந்தாலும் வாங்க மாட்டார்கள். குறைவதும் மாறாதிருப்பதும் அவர்களுக்கு ஒரே முடிவையே தருகின்றன. இங்கே ஒருவால் நியாயம்.

அதே வயலில் ஆய்வு செய்யும் மாணவிக்கு நிலைமை வேறு. அக்கம்பக்கத்தில் சிலர் ஏற்கெனவே டிரம் சீடர் ஓட்டுகிறார்கள். விளைச்சல் குறைகிறது என்று தெரிந்தால் அவள் அதைச் சொல்லாமல் விடுவாளா? கட்டாயம் எழுதுவாள், காரணமும் தேடுவாள். அப்படியென்றால் குறையும் பக்கமும் அவளுக்குப் பெறுமதியானது. அவளுக்கு இருவால்தான் சரி. தரவு ஒன்று, வயல் ஒன்று; கேட்பவர் மாறினால் வால் மாறுகிறது.

அரிசி மில்லிலும் இதைக் காணலாம். 25 கிலோ என்று அச்சிட்ட பையை நிறை பார்க்கும் நுகர்வோருக்குக் குறைந்தால்தான் முறைப்பாடு. அவருக்கு H1: μ < 25. மில்காரருக்குக் குறைந்தால் பெயர் கெடும், கூடினால் பணம் போகும். அவருக்கு H1: μ ≠ 25.

தீர்மானிக்க முடியாமல் தடுமாறினால் இருவாலை எடுங்கள். ஒருவாலுக்குக் காரணம் சொல்ல வேண்டியவர் நீங்கள். இருவாலுக்கு யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். "என் வழிகாட்டி கூடும் என்று நினைக்கிறார்", "முந்திய ஆய்வுகளில் கூடியிருக்கிறது" என்பவை போதுமான காரணமல்ல. எதிர்பார்ப்பு ஒரு பக்கம் இருப்பதும், மறுபக்கம் தேவையே இல்லை என்பதும் வேறு வேறு.

தீர்மானித்ததை H0, H1, பொருண்மை மட்டம் α = 0.05 ஆகியவற்றோடு அந்தத் தாளிலேயே எழுதுங்கள். அறுவடைக்கு முன் எழுதிய தாள் என்பதற்குத்தான் திகதி.

## 7. கணக்கு

அறுவடை முடிந்தது. இரண்டு பாதியையும் தனித்தனியே வெட்டி, ஒரே அளவு காயவிட்டு நிறுத்தாயிற்று. 10 விவசாயிகளின் வித்தியாசங்கள் (டிரம் சீடர் − வீச்சு, ஏக்கருக்குப் புசல்):

15, −5, 11, −3, −1, 8, 7, 1, 3, 4

கூட்டினால் 40, சராசரி 4. ஒவ்வொன்றிலும் 4 ஐக் கழித்து, வர்க்கித்துக் கூட்டினால் 360. அதை 9 ஆல் வகுத்தால் 40, வர்க்கமூலம் 6.32, இதுதான் நியம விலகல். அதை √10 ஆல் வகுத்தால் நியம வழு சரியாக 2.

t = (4 − 0) / 2 = 2.00

t அட்டவணையில் df = 9 என்ற வரிசைக்குப் போங்கள் (10 இல் ஒன்று குறைவு). இருவாலுக்கு 0.05 ஐ இரண்டு பக்கமும் 0.025 ஆகப் பங்கிடுகிறோம், எல்லை ±2.262. ஒருவாலுக்கு முழு 0.05 உம் ஒரே பக்கத்தில், எல்லை 1.833.

நம் 2.00 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. H0 உண்மையாக இருந்தால் t இவ்வளவு தூரமோ அதற்கு மேலோ போவதற்கான வாய்ப்புத்தான் p. இருவாலில் நிராகரிக்க முடியாது, p = 0.077. வலப்பக்க ஒருவாலில் நிராகரிக்கலாம், p = 0.038. இந்த இடத்துக்காகவே எண்களை இப்படி அமைத்தேன், ஏனென்றால் பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான்.

## 8. நடுவில் நின்றால் வாலை மாற்றாதீர்கள்

அந்த மாணவி தன் எண்களோடு இதே இடத்தில் நின்று என்னிடம் கேட்டாள். நம் கணக்கின் எண்களில் சொன்னால்: "மிஸ், இருவால்ல 0.077 வருது. ஒருவாலுக்கு மாத்தினா 0.038. எப்படியும் கூடித்தானே இருக்கு, மாத்தினா என்ன?"

"குறைஞ்சு வந்திருந்தா எந்த வால் எடுத்திருப்பீங்க, மகள்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இடப்பக்கம்" என்றாள்.

விடயம் அவ்வளவுதான். தரவு போன பக்கத்துக்கு வாலைத் திருப்புவதென்றால், t 1.833 ஐத் தாண்டினாலும் நிராகரிப்போம், −1.833 க்குக் கீழே போனாலும் நிராகரிப்போம். ஒவ்வொரு பக்கத்திலும் 0.05. இரண்டையும் சேர்த்தால் 0.10. கட்டுரையில் 5% என்று எழுதியிருப்போம். ஆனால் உண்மையில் வித்தியாசமே இல்லாத வயல்களில் "வித்தியாசம் உண்டு" என்று தவறாகச் சொல்லும் வாய்ப்பு 10% ஆகிவிட்டது. வாசிப்பவருக்கு அது தெரியாது. அதைச் சார்ந்து ஒருவர் கடன்பட்டு டிரம் சீடர் வாங்கவும் கூடும்.

நேர்மையாகச் செய்யக்கூடியது, அடுத்த போகத்தில் அதிக விவசாயிகளை எடுத்துப் புதிதாக ஆய்வு செய்வது. 20 பேரை எடுத்து, அதே சராசரி 4 உம் அதே பரவலும் கிடைத்தால் t ஏறக்குறைய 2.83 ஆகும்; df = 19 க்கு இருவால் எல்லை 2.093. ஆனால் 10 பேரில் தொடங்கி, p 0.05 க்குக் கீழே இறங்கும் வரை ஒவ்வொருவராகச் சேர்த்துக்கொண்டு போவதும் வாலை மாற்றுவது போன்ற பிழைதான். எத்தனை பேர் என்பதையும் முதலிலேயே தாளில் எழுத வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. முன்கூட்டியே வலப்பக்க ஒருவால் என்று எழுதிவிட்டு, t = −3 என்று வந்தால் H0 ஐ நிராகரிக்க முடியாது. அந்த ஒருவாலுக்கு p ஏறக்குறைய 0.99. "கூடியதற்கு ஆதாரம் இல்லை" என்று மட்டுமே சொல்லலாம். "குறைந்துவிட்டது" என்று சொல்லும் உரிமையைத் தொடக்கத்திலேயே விட்டுக்கொடுத்தாயிற்று. இதை ஏற்க மனம் வராதவர் இருவாலுக்குரியவர்.

## 9. மென்பொருள் காட்டும் எண்ணை வாசிப்பது

எக்செல்லில் டிரம் சீடர் விளைச்சல் B நிரலிலும், வீச்சு C நிரலிலும் இருந்தால்:

```
=T.TEST(B2:B11,C2:C11,2,1)
```

மூன்றாவது எண் 2 என்றால் இருவால், 1 என்றால் ஒருவால். கடைசி 1, சோடித் தரவு என்பதற்கு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மூன்றாவது எண்ணை 1 ஆக்கும்போது எக்செல் திசையைக் கவனிப்பதில்லை. t இன் குறியை விட்டுவிட்டுச் சிறிய வாலைத்தான் தரும். t = −2 ஆக இருந்தாலும் 0.038 என்றே காட்டும். ஆகவே ஒருவால் செய்யும்போது முதலில் சராசரி வித்தியாசத்தின் குறியைப் பாருங்கள். H1 சொன்ன பக்கமாக இருந்தால் அந்த எண் சரி. எதிர்ப்பக்கமாக இருந்தால் 1 இலிருந்து அதைக் கழிக்க வேண்டும்.

எஸ்பிஎஸ்எஸ்ஸின் பழைய பதிப்புகளில் `Sig. (2-tailed)` என்ற நிரல் மட்டும் இருக்கும். ஒருவாலுக்கு அதைப் பாதியாக்க வேண்டும், அதுவும் குறி H1 இன் பக்கம் இருந்தால் மட்டும்.

## 10. முடிவை எழுதுவது

மாணவியின் இருவால் சோதனைக்கு இப்படி எழுதலாம்:

"5% பொருண்மை மட்டத்தில், இரண்டு விதைப்பு முறைகளுக்கும் இடையே சராசரி விளைச்சல் வேறுபடுகிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை (t = 2.00, df = 9, இருவால் p = 0.077). மாதிரியில் டிரம் சீடர் ஏக்கருக்குச் சராசரியாக 4 புசல் கூடுதலாகத் தந்தது; 95% நம்பிக்கை ஆயிடை −0.5 முதல் 8.5 வரை."

"H0 ஏற்கப்பட்டது" என்று எழுத வேண்டாம். அந்த ஆயிடையைப் பாருங்கள்: உண்மையான வித்தியாசம் 0 ஆகவும் இருக்கலாம், 8 புசலாகவும் இருக்கலாம். 8 புசல் ஒரு விவசாயிக்குச் சின்ன விடயமல்ல. இரண்டு முறையும் சமம் என்று இந்தத் தரவு காட்டவில்லை. எதுவென்று பிரித்துச் சொல்ல 10 வயல் போதவில்லை.

சிலர் இதே p = 0.077 ஐ வைத்து, "டிரம் சீடரில் விதைநெல் மிச்சம், விளைச்சலும் குறையவில்லை என்று நிறுவப்பட்டது" என்று எழுதுகிறார்கள். அது வேறொரு கேள்வி. "குறையாமல் இருக்கிறதா?" என்று கேட்பதென்றால், எத்தனை புசல் குறைவு வரை பொறுக்கலாம் என்பதை விவசாயிகளிடம் கேட்டு முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். 3 புசல் என்று சொன்னால் H0: μd ≤ −3, H1: μd > −3 என்று எழுதி, வித்தியாசத்தை 0 க்குப் பதில் −3 உடன் ஒப்பிட வேண்டும். இங்கே ஒருவால் தானாகவே பொருந்துகிறது, ஏனென்றால் கேள்வியே ஒரு பக்கத்துக்கானது. ஆனால் அந்த 3 உம் அறுவடைக்கு முன் திகதி போட்ட தாளில் இருக்க வேண்டும்.